தட்டில் கிடந்த நண்டு

கோவளத்தில் தமீம் அன்சாரி தர்காவைப் பார்த்துவிட்டு, மாமல்லபுரம் போகும் வழியில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பட்ட வகுப்பு இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இருபது பேர். காயல்பட்டினத்துப் பையன் ஒருவன் நண்டு வறுவல் வாங்கிப் பக்கத்தில் இருந்தவனிடம் தட்டை நகர்த்தினான். பக்கத்தில் இருந்தவன் ஆம்பூர்க்காரன். "நண்டு நமக்குக் கூடாதுடா" என்று தட்டைத் திருப்பித் தள்ளினான். "நமக்குன்னா யாருக்கு? குர்ஆன்லயே கடல் உணவு ஹலால்னு இருக்கு." இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் யோசிக்கவே இல்லை. "ஐந்தாம் அத்தியாயம் 96ஆம் வசனம் நேராகவே சொல்கிறது. தாராளமாகச் சாப்பிடு" என்றேன். ஆம்பூர்ப் பையன் எதிர்த்துப் பேசவில்லை, நண்டைத் தொடவும் இல்லை. மதரஸாவில் ஏழு வருடம் ஓதி, கல்லூரியில் அதற்கும் மேல் பல வருடம் தஃப்ஸீர் பாடம் எடுத்தவன் நான். வகுப்பில் எந்தப் பையனாவது ஒரு வசனத்தின் பாதியைப் பிய்த்துத் தீர்ப்புச் சொன்னால் உட்காரவைத்துவிடுவேன். அன்றைக்கு அதையே நான் செய்தேன், வாயில் சோற்றோடு.

செங்கல்பட்டு வந்து, இரவு கிதாபைத் திறந்த பிறகுதான் உறைத்தது. அடுத்த வாரம் பாடத்திட்டத்தில் இருந்ததை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த ஒரு வசனத்தையே எடுத்தேன். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் 'விளக்க முறைகள்' பாடத்தை அங்கிருந்துதான் தொடங்கினேன். சூழல், மரபு, பகுத்தறிவு என்று மூன்று தலைப்பு போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை எழுதவைத்தால் பையன்கள் தேர்வில் தேறிவிடுவார்கள். ஆனால் ஒரு வசனத்தின் முன்னால் உட்காரவைத்தால் கை ஓடாது. நண்டு வந்த பிறகு ஓடியது.

முதலில் வசனத்தை அது இருக்கும் இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். கரும்பலகையில் 96ஐ மட்டும் எழுதாமல் 94, 95 இரண்டையும் சேர்த்து எழுதுவேன். மூன்றும் ஒரே பேச்சு. ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ இஹ்ராம் கட்டியவர் வேட்டையாடக் கூடாது, தெரிந்தே ஒரு பிராணியைக் கொன்றால் அதற்கு ஈடு கொடுக்கவேண்டும் என்று முதல் இரண்டும் சொல்கின்றன. அந்தத் தடையிலிருந்து கடலை விலக்குவதுதான் 96. கடலில் பிடிப்பதும் கடலின் உணவும் உங்களுக்கும் வழிப்பயணிகளுக்கும் பயன்பட ஆகுமாக்கப்பட்டது, இஹ்ராமில் இருக்கும்வரை தரை வேட்டைதான் விலக்கு என்பது அதன் கருத்து. நான் கோவளத்தில் நினைவிலிருந்து எடுத்துச் சொன்னது இதன் முன்பாதியை மட்டும்.

628இல் நபி (ஸல்) அவர்கள் உம்ராவுக்குப் புறப்பட்டு ஹுதைபியாவரை போன பயணத்தில், வேட்டைப் பிராணிகள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தன, அந்தச் சோதனையைப் பற்றித்தான் 94ஆம் வசனம் பேசுகிறது என்று விரிவுரைகளில் ஒரு குறிப்பு உண்டு. இதைச் சொன்னதும் பையன்கள் 96க்கும் அதையே 'இறங்கிய காரணம்' என்று எழுதிவிடுவார்கள். அங்கேதான் நிறுத்துவேன். அந்தக் குறிப்பு 94ஐப் பற்றியது. வசனம் இறங்கிய காரணம் என்பது யாரோ ஒருவர் பார்த்தோ கேட்டோ அறிவித்த செய்தியாக இருக்கவேண்டும். பக்கத்து வசனத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்தால் அது ஊகம். வசனத்தின் முன்பின் வேறு, இறங்கிய காரணம் வேறு. சூழல் என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்புவதுதான் விடைத்தாள்களில் நான் அதிகம் திருத்திய தவறு.

சரி, முன்பின் பார்த்தாயிற்று. அதனால் நண்டுக்கு விடை கிடைத்ததா? இல்லை. வசனம் பதில் சொல்லும் கேள்வி, இஹ்ராம் கட்டியவர் கடலில் பிடிக்கலாமா என்பது. கோவளத்தில் எழுந்த கேள்வி, கடலில் இருக்கும் எல்லா உயிரையும் தின்னலாமா என்பது. முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதற்கு நான் தூக்கிக் கொடுத்துவிட்டேன். சூழலைப் பார்ப்பதால் வசனம் எந்தக் கேள்விக்கு வந்தது என்பது தெரிகிறது. நம் கேள்விக்கு அங்கிருந்து எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதும் தெரிகிறது. அதற்கு மேல் அது கைகொடுக்காது.

இனி மரபு. வசனத்தில் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன: 'ஸைத்' என்றால் வேட்டை, 'தஆம்' என்றால் உணவு. பிடித்ததைத்தானே உண்ணப்போகிறோம், பிறகு 'அதன் உணவு' என்று தனியாக எதற்கு? 923இல் மறைந்த தபரீ தம் பெரிய விரிவுரையில் முன்னோர் சொன்னதையெல்லாம் அறிவிப்பாளர் வரிசையோடு கொட்டிவைத்திருக்கிறார். ஒரு சாரார், கடல் தானாகக் கரையில் ஒதுக்கியது என்கிறார்கள். அபூபக்ர், உமர், இப்னு அப்பாஸ் (ரலி) ஆகியோரிடமிருந்து இப்படி வருகிறது. இன்னொரு சாரார், உப்பிட்டது என்கிறார்கள். அதாவது கருவாடு. வசனத்தில் வழிப்பயணிகள் வருவதால் அவர்களுக்குக் கட்டுச்சோறாகும் மீன் அதுதான் என்று பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். இந்த இடம் வரும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும். சதுரங்கப்பட்டினம் பக்கத்துப் பையன் ஒருவன், "சார், எங்க வீட்டு வாசல்ல காயறதும் தஃப்ஸீர்ல இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், உப்பிட்டது என்ற கருத்தும் இப்னு அப்பாஸிடமிருந்தே வருகிறது. ஒரே ஆள் இரண்டு விதமாகச் சொல்லலாமா? பதினான்காம் நூற்றாண்டு இப்னு தைமிய்யா இதற்கு நல்ல விளக்கம் தந்திருக்கிறார். அரபி தெரியாத ஒருவர் ரொட்டி என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டால் கையில் இருக்கும் ஒரு ரொட்டியைக் காட்டுவோம். காட்டிய அந்த ஒன்று மட்டுமே ரொட்டி என்று ஆகாது. முன்னோர் விளக்கங்களில் பெரும்பாலான வேறுபாடு இந்த வகைதான், ஒன்றையொன்று வெட்டும் வேறுபாடு குறைவு என்பது அவர் கருத்து. கருவாடு என்றால் என்ன என்று கேட்கும் வடநாட்டுக்காரரிடம் நாம் நெத்திலியைக் காட்டுவதில்லையா? இன்னொரு நாள் வாளையைக் காட்டுவோம். இரண்டும் சரிதான்.

தபரீ கருத்துகளை அடுக்கியதோடு விடவில்லை, ஒரு பக்கம் சாய்கிறார். அவர் தேர்ந்தெடுப்பது கரையொதுங்கியதை. ஏன்? கருவாடாவது முதலில் பிடித்து, பிறகு உப்பிட்டது. அது வேட்டை என்ற சொல்லுக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. மறுபடி சொல்வதில் பயன் இல்லை. ஆகவே 'உணவு' என்பது பிடிக்காமல் கிடைத்ததாகத்தான் இருக்கவேண்டும். இதைப் பலகையில் எழுதிவிட்டு, "இது மரபா, பகுத்தறிவா?" என்று கேட்பேன். அறிவிப்பு வழி விரிவுரை என்றாலே எல்லாப் பாடநூலும் முதலில் காட்டும் ஆள் தபரீ. அவரே, ஒரு சொல் வீணாக வந்திருக்காது என்ற கணக்கை வைத்து, அறிவிப்புகளுக்குள் ஒன்றைப் பொறுக்கி எடுக்கிறார். இதைக் கண்ணால் பார்த்த பிறகு மூன்று தலைப்பு போட்டு மூன்று பெட்டியாகப் பிரித்து எழுதும் பழக்கம் பாதிப் பையன்களிடமாவது போய்விடும்.

இந்த வசனத்தைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி இமாம் மாலிக்கின் முவத்தாவில் இருக்கிறது. கடல் ஒதுக்கியதை உண்ணலாமா என்று ஒருவர் இப்னு உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார். கூடாது என்றார். பிறகு வீட்டுக்குப் போய் குர்ஆன் பிரதியைக் கொண்டுவரச் சொல்லி இந்த வசனத்தை ஓதிப் பார்த்தார். உடனே நாஃபியைக் கேட்டவரிடம் அனுப்பி, உண்ணலாம், குற்றமில்லை என்று சொல்லவைத்தார். நபித்தோழர், பெரிய கலீஃபாவின் மகன், ஆளனுப்பித் தம் சொல்லைத் திருத்தியிருக்கிறார். நான் அந்த இரவு கிதாபைத் திறந்தபோது கண்ணில் பட்டது இந்தச் செய்திதான். மறுவாரம் வகுப்பில் ஆம்பூர்ப் பையனைப் பார்த்து, "நான் கோவளத்தில் சொன்ன காரணம் தவறு" என்று ஆரம்பித்தேன். "அப்ப நண்டு கூடாதா சார்?" என்றான் காயல்பட்டினத்துக்காரன். "காரணம் தவறு என்றுதான் சொன்னேன்."

மரபில் எதிரெதிராக நிற்கும் செய்திகளும் உண்டு. அபூஉபைதா (ரலி) தலைமையில் முந்நூறு பேர் கடலோரமாகப் போனபோது, கையிருப்பு தீர்ந்து ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம் என்ற நிலை வந்தது. அப்போது குன்றுபோல ஒரு திமிங்கலம் கரையொதுங்கியது. செத்த பிராணி ஆயிற்றே என்று அபூஉபைதா முதலில் தயங்கினார். பிறகு, நெருக்கடியில் இருக்கிறோம், உண்ணுங்கள் என்றார். பல நாள் உண்டார்கள். மதீனா திரும்பியதும் நபி (ஸல்) அவர்கள் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி உண்டார்கள். கடைசி விவரம்தான் முக்கியம். பசிக்காக மட்டும் விட்ட சலுகையாக இருந்தால் மதீனாவில் உண்டிருக்கவேண்டியதில்லை. மறுபக்கம் அபூதாவூதில் ஒரு செய்தி: கடல் ஒதுக்கியதை உண்ணுங்கள், உள்ளேயே செத்து மிதப்பதை உண்ணாதீர்கள் என்று. ஹனஃபிகள் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இதைப் பதிவு செய்த அபூதாவூதே கீழே ஒரு குறிப்பு போட்டிருக்கிறார். வேறு சில அறிவிப்பாளர்கள் இதை நபியின் சொல்லாக அல்லாமல் ஜாபிர் (ரலி) சொன்னதாகத்தான் அறிவிக்கிறார்கள் என்று. அறிவிப்பு எந்த ஆளோடு நின்றுபோகிறது என்பதைப் பார்க்காமல் 'ஹதீஸில் இருக்கிறது' என்று எழுதினால் பாதி மதிப்பெண்தான் போடுவேன். பையன்கள் முணுமுணுப்பார்கள்.

இப்போது ஹனஃபிப் பக்கம். வட ஆற்காடு, செங்கல்பட்டு வட்டாரத்து முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபிகள். தெற்கே காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபி. ஆக, மீன் மட்டுமே ஆகும் என்ற பக்கமும் கடலுயிர் அனைத்தும் ஆகும் என்ற பக்கமும் அன்று ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தன. ஹனஃபிகளுக்கு இந்த வசனம் தெரியாதா என்ன? பத்தாம் நூற்றாண்டு ஜஸ்ஸாஸ் தம் சட்ட விரிவுரையில் இலக்கணத்திலிருந்து தொடங்குகிறார். ஸைத் என்பது தொழிற்பெயர், 'வேட்டையாடுதல்'. இஹ்ராமில் இருப்பவருக்குக் கடலில் வேட்டையாடும் செயல் ஆகும் என்பதே வசனத்தின் பேச்சு. பிடித்ததையெல்லாம் உண்ணலாம் என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை என்கிறார். எதை உண்ணலாம் என்பதற்கு வேறு இடம் போகவேண்டும். செத்தது விலக்கு என்ற பொதுத் தடைக்கு, மீனும் வெட்டுக்கிளியும் விதிவிலக்கு என்று ஒரு செய்தி இருக்கிறது, அது மீனோடு நிற்கிறது என்பது அவர்கள் வழி.

ஆம்பூர்ப் பையன் முகத்தில் அன்றுதான் வெளிச்சம். தன் வீட்டில் பாட்டி சொன்ன 'கூடாது'க்குப் பின்னால் இவ்வளவு வாதம் இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. ஆனால் காயல்பட்டினத்தான் விடவில்லை. 95ஐக் காட்டி, "இங்கே ஸைத்தைக் கொல்லாதீர்கள் என்று வருகிறதே சார். செயலை எப்படிக் கொல்வது? பிராணியைத்தானே கொல்லமுடியும்?" என்றான். ஷாஃபி அறிஞர்களின் வாதமும் அதுதான், அவனாகவே எட்டிவிட்டான். அதே சொல் முந்தின வசனத்தில் வேட்டைப் பிராணியைக் குறிக்கும்போது இங்கே மட்டும் வேட்டைச் செயலைக் குறிக்கும் என்றால் அதற்குக் காரணம் காட்டவேண்டும். முன்பின்னைப் பார்ப்பது முதல் படி, முடிந்தாயிற்று என்று நினைத்திருந்தோம். இலக்கண வாதத்தின் நடுவில் அது திரும்பவும் வந்து நின்றது.

பகுத்தறிவு என்றதும் பையன்கள் விஞ்ஞானத்துக்குத் தாவுவார்கள். விரிவுரை மரபில் அது முதலில் மொழியறிவு, வழக்கறிவு. இதற்கு ராஸீயின் விரிவுரையில் வரும் ஒரு கதை போதும். பதினாறாம் அத்தியாயத்தில் கடலிலிருந்து பசுமையான இறைச்சியை உண்கிறீர்கள் என்ற கருத்தில் ஒரு வசனம் வருகிறது. இறைச்சி உண்ணமாட்டேன் என்று சத்தியம் செய்தவன் மீன் தின்றால் சத்தியம் முறியாது என்றார் அபூஹனீஃபா. ஸுஃப்யான் ஸவ்ரீக்கு இது ஆகவில்லை, குர்ஆனே மீனை இறைச்சி என்கிறதே என்றார். அபூஹனீஃபா ஓர் ஆளை அனுப்பி அவரிடம் கேட்கவைத்தார்: விரிப்பின்மேல் தொழமாட்டேன் என்று சத்தியம் செய்தவன் வெறும் தரையில் தொழுதால்? முறியாது என்றார் ஸுஃப்யான். பூமியை விரிப்பு என்று குர்ஆன் சொல்கிறதே என்றார் வந்தவர். யார் அனுப்பிய ஆள் என்று ஸுஃப்யானுக்குப் புரிந்துவிட்டது.

நம் ஊரிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை காலை "கறி வாங்கிட்டு வா" என்று அனுப்பிய பிள்ளை மீனோடு வந்தால் வீட்டில் என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கறி என்றால் இங்கே ஆட்டுக்கறி. அகராதியை எடுத்து வாதாடினால் சோறு கிடைக்காது.

இந்தக் கண்ணோடு இறாலைப் பாருங்கள். மீன் மட்டும்தான் ஆகும் என்பவர்களுக்குள்ளேயே இறால் விஷயத்தில் இரு பிரிவு. பழைய அரபி அகராதிகள் இறாலை ஒருவகை மீன் என்று எழுதிவைத்திருக்கின்றன, சந்தை வழக்கும் அதுதான், ஆகவே மீன் என்று சிலர். முள்ளந்தண்டு இல்லாத, ஓடு போர்த்திய உயிர், விலங்கியல்படி மீனே அல்ல என்று சிலர். எந்த அறிவுக்கு இங்கே இடம், ஊர் வழக்குக்கா, ஆய்வுக்கூடத்துக்கா? அல்லாஹ் பேசியது மக்கள் வழங்கும் மொழியில் என்பதால் நான் வழக்கின் பக்கம். ஆனால் தேர்வில் எதிர்ப்பக்கம் நின்று ஒழுங்காக வாதாடிய பெண்ணுக்குத்தான் அந்த வருடம் அதிக மதிப்பெண் கொடுத்தேன். நண்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 'இறால் மீன்' என்று யாரும் சொல்லிக் கேட்கலாம், 'நண்டு மீன்' என்று எந்தக் குப்பத்திலும் கேட்கமுடியாது. ஆக, ஹனஃபி வழியில் நண்டு வெளியே.

ஷாஃபி வழியில் நேராக உள்ளே என்று காயல்பட்டினத்தான் நினைத்திருந்தான். நவவீயின் மின்ஹாஜைத் திறந்து காட்டினேன். பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல், இன்றும் ஷாஃபிகளின் பாடநூல். தரையிலும் நீரிலும் வாழ்வன கூடா என்று சொல்லி, தவளை, பாம்போடு நண்டையும் அங்கே வைத்திருக்கிறார். பையனுக்கு முகம் வாடிவிட்டது. பிறகு அதே நவவீயின் மஜ்மூவைக் காட்டினேன். கடலில் உள்ளவை எல்லாம் ஆகும், தவளை மட்டும் நீங்கல். ஆமை, பாம்பு போன்றவற்றை விலக்கியவர்கள் சொன்னது கடலில் இல்லாதவற்றைப் பற்றி என்று அங்கே எழுதுகிறார். அப்படியானால் கேள்வி நண்டு என்ற பெயரில் இல்லை, தட்டில் கிடந்த அந்த நண்டு எங்கே வாழ்ந்தது என்பதில் இருக்கிறது. முட்டுக்காடு கழிமுகத்தில் வளை தோண்டி, நீரை விட்டு வெளியே நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும் சேற்று நண்டா? வலையில் ஏறிச் சீக்கிரமே துவண்டுபோகும் கடல் நண்டா? இதற்கு மேல் கிதாபு பேசாது, மீன்காரரைத்தான் கேட்கவேண்டும்.

கேட்டோம். அடுத்த வருடம் மாணவர்களை மாமல்லபுரத்துக்கு வடக்கே தேவனேரிக்கு அழைத்துப் போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பையன்கள் நண்டைப் பற்றிக் கேட்டுவிட்டுப் பேச்சை மிதக்கும் மீனுக்குத் திருப்பினார்கள்.

"செத்து மிதக்கிறதை எடுப்பீங்களா பெரியவரே?"

"வயிறு மேல பார்த்து மிதந்தா தொடமாட்டோம் தம்பி. அது உள்ளயே செத்து ஊதிப்போனது. முதுகு மேல இருந்தா, அடிபட்டோ மயங்கியோ இப்பத்தான் மேல வந்திருக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்துட்டு எடுத்துப்போம்."

ஹனஃபி சட்ட நூலான துர்ருல் முக்தாரில், மிதக்கும் மீன் கூடாது என்ற விதிக்கு இதுதான் அளவுகோல். வயிறு மேலாக இருந்தால் மிதப்பது, முதுகு மேலாக இருந்தால் அது மிதப்பதில் சேராது, உண்ணலாம். அந்த வரியை நான் எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். மிதக்கும் மீன் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை, ஏன் அப்படி எழுதினார்கள் என்று யோசித்ததும் இல்லை. பெரியவரிடம் அதைச் சொன்னபோது, "உங்க புஸ்தகத்தை எழுதினவரு வலைக்காரரா?" என்று கேட்டார்.

ஆம்பூர்ப் பையன் இப்போது ஒரு தோல் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். போன ரமலானில் பேசினான். இறால் சாப்பிட ஆரம்பித்துவிட்டானாம். நண்டு மட்டும் இன்னும் இல்லை. "பாட்டிக்காகவா?" என்றேன். "ஜஸ்ஸாஸுக்காக சார்" என்றான்.